பேன்ட் ஜிப் வளைவில் எழுந்த புடைப்பு: ஒரு காக்கி டிரில் பேன்டைப் பிரித்துத் தைத்த விவரம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓர் ஆண் பேன்ட். காக்கி நிறப் பருத்தி டிரில், இடுப்பு 34, நடுத்தர கனம். தையல் பழகி ஒன்றிரண்டு பேன்ட் முடித்திருந்த ஒரு பெண் தன் தம்பிக்காகத் தைத்தது. பாக்கெட், இடுப்புப் பட்டி, கால் மடிப்பு எல்லாமே நன்றாக இருந்தன. முன்புற ஜிப் மட்டும் சரியில்லை. ஜிப் மறைப்பின் மேல் இடுப்பிலிருந்து இறங்கி நடுத்தையல் பக்கம் வளைந்து முடியும் தையலை ஜே தையல் என்கிறோம். அந்த ஜேயின் வளைவு முடியும் இடத்தில் துணி ஒரு பட்டாணி அளவுக்குப் புடைத்து நின்றது. புடைப்பிலிருந்து தொடை நோக்கி இரண்டு சாய்ந்த சுருக்கங்கள் ஓடின.

"அக்கா, நல்லா ஆவி விட்டு இஸ்திரி போட்டா படிஞ்சிடுமா?" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தோம். சூடு இருக்கும்வரை படிந்தது, ஆறியதும் எழுந்துவிட்டது. இந்த ஒரு சோதனையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தையல் இறுக்கத்தால் வந்த சின்ன நெளிவு என்றால் ஆவியில் படிந்து அப்படியே இருக்கும். இஸ்திரி ஆறியதும் திரும்பி வருகிற புடைப்பு அடுக்குகளின் நீள வித்தியாசத்தால் வருவது. மேலே இருக்கும் துணி நீளமாக, கீழே இருக்கும் துணி குட்டையாக இருக்கிறது. மிஞ்சிய துணிக்குப் போக இடமில்லாமல் வளைவின் முனையில் வந்து குவிகிறது.

வளைவில் புடைப்பு வந்தால் பலரும் வளைவை மட்டும் பிரித்து மறுபடி தைப்பார்கள். அதே இடத்தில் அதே புடைப்பு மறுபடி வரும். வளைவு என்பது பிரச்சினை வெளியே தெரிகிற இடம்தான், அது உண்டான இடம் பெரும்பாலும் அதற்கு முந்தைய தையல்களில் இருக்கும். அதனால் இந்தப் பேன்டை ஒரே மூச்சில் பிரிக்காமல், ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் துணியை மேஜையில் பரப்பி என்ன மாறுகிறது என்று பார்த்தோம்.

முதலில் உள்பக்கம்

பிரிப்பதற்கு முன்பே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில் ஒரு காரணம் கிடைத்தது. ஆண் பேன்டில் இடது முன்பகுதி மேலே வந்து வலதை மூடும். இடது பகுதிக்கு அடியில் வருவது ஃபேசிங் பட்டி. ஜிப்பின் ஒரு நாடா அந்த ஃபேசிங்கில் தைக்கப்படும், மற்றொரு நாடா வலது முன்பகுதியில். ஜிப்புக்குப் பின்னால் உடம்பில் படாமல் இருக்க ஓர் உள்பட்டி. ஜே தையல் இடது முன்பகுதியையும் ஃபேசிங்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அதுதான் அதன் வேலை.

இந்தப் பேன்டில் ஃபேசிங்கின் கீழ் முனை அழகாக, ஆனால் குறுகலாக உருட்டி வெட்டப்பட்டிருந்தது. ஜே தையலோ அதைவிட அகலமான வளைவு. அதனால் நேராக வரும் பகுதியில் தையல் இரண்டு அடுக்கைப் பிடித்திருந்தது. வளைவு தொடங்கியதும் ஃபேசிங்கின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. கடைசி ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒற்றைத் துணியில் மட்டும் தையல். அதுவும் சாய்விழையில். ஒற்றைத் துணியில் சாய்வாகப் போகிற தையல் எப்படியும் சுருங்கும்.

அந்த ஓரத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. வளைவின் முடிவில் மூன்று தையல்கள் வளைவை விட்டு விலகிக் கோணலாகப் போயிருந்தன. ஜிப்பின் கீழ்முனையில் இருக்கும் உலோக ஸ்டாப்பர் சரியாக அந்த இடத்தில் இருந்தது. ஊசி அதில் மோதி ஒதுங்கியிருக்கிறது. ஊசி உடையாமல் போனது நல்லதுதான், ஆனால் அந்தக் கோணல் வெளியே பளிச்சென்று தெரிந்தது.

ஜே தையலைப் பிரித்த பிறகு

ஜே முனையை இறுக்கிப் பிடிக்கும் நெருக்கமான சின்னத் தையலான பார்டாக்கையும் ஜே தையலையும் மட்டும் பிரித்தோம். இடுப்புப் பட்டியின் இடது முனையை ஒரு கை அகலத்துக்குப் பிரித்து, முன்பகுதியை மேஜையில் சும்மா கிடக்கவிட்டோம். ஒற்றைத் துணித் தையலும் ஸ்டாப்பரும் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இப்போது துணி தட்டையாகக் கிடந்திருக்க வேண்டும். புடைப்பு பாதியாகக் குறைந்தது, போகவில்லை. கீழ்ப்பக்கம் இன்னும் லேசாக உப்பியிருந்தது. ஃபேசிங்கை விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் படிகிறது, விட்டால் எழுகிறது.

அப்போது ஃபேசிங்கை அளந்தோம். கவட்டுத் தையல் தொடங்கும் புள்ளியிலிருந்து இடுப்புவரை முன்பகுதியின் மடிப்பு ஓரத்தில் ஓர் அளவு, அதே இரண்டு மட்டத்துக்கும் நடுவே ஃபேசிங்கில் ஜிப் தைத்திருக்கும் கோட்டின் மேல் ஓர் அளவு. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஜிப் கோட்டில் 4 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. ஜிப் நாடாவை ஒட்டி ஃபேசிங் துணியில் மிக நுண்ணிய சுருக்கங்கள். உள்ளே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், நகத்தால் தடவினால்தான் கைக்குத் தட்டுப்படும்.

இது எப்படி நேர்கிறது? மிஷினில் துணியை நகர்த்துகிற அடிப்பல் கீழ் அடுக்கைத்தான் பிடித்து இழுக்கிறது. மேல் அடுக்கை ஃபுட் அழுத்திப் பின்தங்க வைக்கிறது. அதனால் எந்தத் தையலிலும் கீழே இருக்கும் துணி கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் உள்ளே போகும். நீளமான தையல் முடியும்போது கீழ்த்துணி சில மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். சாதாரணமாக இரண்டும் ஒரே துணி என்றால் முடிவில் ஒன்று நீட்டிக்கொண்டு தெரியும், நாமும் கவனித்துவிடுவோம். இங்கே மேலே இருந்தது நைலான் ஜிப்பின் நாடா. அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. கீழே இருந்தது ஃபேசிங். அது நாடாவுக்கு அடியில் சுருங்கிவிட்டது. நாடா விறைப்பாக இருப்பதால் பார்வைக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும்.

இப்படி 4 மில்லிமீட்டர் குட்டையான ஃபேசிங்கின் மேல், குட்டையாகாத முன்பகுதியை வைத்து மேலிருந்து கீழாக ஜே தையல் போட்டிருக்கிறாள். மேலிருந்து வரும்போது ஃபுட் மேல் துணியைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வரும். ஏற்கெனவே இருந்த 4 மில்லிமீட்டரோடு அந்தத் தள்ளலும் சேர்ந்து, போக இடமில்லாமல் வளைவின் முனையில் நின்றுவிட்டது. அங்கே நடுத்தையல் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டித் துணி எங்கும் போக முடியாது.

ஜிப் தையலையும் பிரித்தோம். முன்பகுதி மேஜையில் முழுதாகப் படிந்தது. ஆக மூன்று காரணம்: ஜேயை விடக் குறுகிய ஃபேசிங், ஜிப் தைக்கும்போது சுருங்கிய ஃபேசிங், தப்பான திசையில் போட்ட ஜே தையல். முன்பகுதியின் வெட்டில் எந்தக் குறையும் இல்லை. இது முக்கியம். ஜிப் தையலையும் பிரித்த பிறகும் துணி படியாமல் இருந்திருந்தால், ஜிப் திறப்பு கவட்டு வளைவுக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். முன்புற நடுக்கோடு ஏறத்தாழ நேராக இருக்கும்வரைதான் திறப்பு இருக்கலாம். அது வளையத் தொடங்கிய இடத்துக்குள் நேரான ஜிப்பைக் கொண்டுபோனால் எந்தக் கைத்திறனாலும் அதைத் தட்டையாக்க முடியாது.

புது ஃபேசிங்: முதலில் ஜே, அப்புறம் பட்டி

பழைய ஃபேசிங்கைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, அகலம் போதாது. மிச்சத் துணி இருந்ததால் புதிதாக வெட்டினோம். வழக்கமாக ஒரு ஃபேசிங் அச்சை எங்கிருந்தாவது எடுத்து வெட்டிவிட்டு, தைக்கும்போது ஜேயைக் கண்மதிப்பாக வரைவார்கள். வரிசையை மாற்றினால் பாதிப் பிரச்சினை வரவே வராது. முதலில் ஜே தையலை வரைய வேண்டும், அதைச் சுற்றித்தான் ஃபேசிங்கை வரைய வேண்டும்.

இடது முன்பகுதியைக் காகிதத்தின் மேல் வைத்து அதன் நடு ஓரத்தை அப்படியே வரைந்தோம். இடுப்புத் தையல் கோட்டிலிருந்து கீழ்நோக்கி மூன்று புள்ளிகள். 17 சென்டிமீட்டரில் ஜிப் ஸ்டாப்பர். 17.5இல் திறப்பு முடிந்து கவட்டுத் தையல் தொடங்குகிறது. 18இல் ஜே தையல் நடுத்தையலைத் தொடுகிறது. ஸ்டாப்பருக்கும் ஜே முனைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இருப்பதால் ஊசி உலோகத்தில் மோதாது. ஜே முனை திறப்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே இருப்பதால் ஜிப்பை இழுக்கும் விசை திறப்பின் மூலையில் நேரடியாக விழாது.

ஜேயின் நேர் பகுதி மடிப்பு ஓரத்திலிருந்து 3.2 சென்டிமீட்டர் தள்ளி. பழைய தையலும் அங்கேதான் இருந்தது. வேண்டுமென்றே மாற்றவில்லை. டிரில் துணியில் பழைய ஊசித் துளைகள் முழுதாக மறையாது, புதுத் தையல் அதன் மேலேயே போனால் துளை தெரியாது. வளைவை மட்டும் மாற்றினோம். பழையது கடைசி 3 சென்டிமீட்டருக்குள் சட்டென்று திரும்பிய கால் வட்டம். புதியதை முனைக்கு 5 சென்டிமீட்டர் மேலேயே மெதுவாகத் திரும்பத் தொடங்கும்படி, நீள்வட்டத்தின் கால் பாகமாக வரைந்தோம். முட்டையின் கூர்முனையை அல்ல, அதன் விலாவை நினைத்துக்கொண்டு வரைய வேண்டும். சட்டென்று திரும்புகிற வளைவில் தையல்கள் ஒவ்வொன்றும் ஒரு மூலையாகத் தெரியும், மெதுவாகத் திரும்பினால் அதே தையல் நீளத்தில் வழவழப்பாக ஓடும்.

இந்த ஜே கோட்டுக்கு வெளியே எல்லா இடத்திலும் 8 மில்லிமீட்டர் விட்டு ஃபேசிங்கின் வெளி ஓரத்தை வரைந்தோம். வளைவிலும் அதே 8, கீழ் முனையிலும் அதே 8. நடு ஓரத்தில் தையலுக்கு 1 சென்டிமீட்டர், மேலே இடுப்புக்கு 1 சென்டிமீட்டர். ஆக, அகலம் 5, நீளம் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். அந்த அச்சை நகலெடுத்து, நகலை ஜே கோட்டின் வழியாக வெட்டி ஒரு கெட்டி அட்டையில் ஒட்டியதும், துணியில் கோடு போடுவதற்கான அச்சும் கிடைத்துவிட்டது.

துணியை வெட்டும்போது ஃபேசிங்கின் நெடுக்கிழை முன்பகுதியின் நெடுக்கிழையோடு ஒத்திருக்க வேண்டும். மிச்சத் துணியில் இடம் பார்த்து லேசாகச் சாய்த்து வெட்டினால், ஃபேசிங் ஒரு மாதிரி நீளும், முன்பகுதி வேறு மாதிரி நீளும். சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணியான ஃப்யூசிங் விஷயத்தில் ஒரு வேலை முறை: ஃபேசிங்கைச் சுற்றிலும் கொஞ்சம் பெரிதாக வெட்டி, மெல்லிய ஃப்யூசிங்கை ஒட்டி, ஆறவிட்டு, அப்புறம் அச்சை வைத்துச் சரியான அளவுக்கு வெட்டுவது. ஒட்டும்போது சூட்டில் ஃப்யூசிங்கும் துணியும் சற்றுச் சுருங்கலாம். அளவாக வெட்டியபின் ஒட்டினால் அந்தச் சுருக்கம் ஃபேசிங்கின் நீளத்தில் போய்விடும், மறுபடி குட்டை ஃபேசிங்.

வெளி ஓரத்தை மூன்று நூல் ஓவர்லாக் போட்டு முடித்தோம். மடித்துத் தைக்கக் கூடாது. மடித்தால் அந்தக் கனம் இஸ்திரியில் முன்பக்கத்தில் ஒரு வரப்பாக எழும். ஃபேசிங் தட்டையாக இருக்க வேண்டும் என்றால் அதன் ஓரம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது.

ஃபேசிங்கை இணைத்தல்

கவட்டுத் தையல் ஏற்கெனவே முடிந்த பேன்ட் என்பதால் அதன் மேல் முனையில் 3 சென்டிமீட்டரைப் பிரித்து இடம் செய்துகொண்டோம். ஃபேசிங்கை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்க வைத்து, திறப்பு முடியும் 17.5 புள்ளியிலிருந்து மேல்நோக்கி இடுப்புவரை தைத்தோம். அந்தப் புள்ளியில் தையல் சரியாக நிற்க வேண்டும். ஒரு தையல் கீழே போனாலும் கவட்டுத் தையலோடு சேரும்போது அங்கே ஒரு சிறு சுருக்கம் நிற்கும். இடது முன்பகுதியின் தையல் விளிம்பில் அந்தப் புள்ளிக்கு நேராக ஒரு வெட்டு, தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்தி. இந்த வெட்டு இல்லாமல் ஃபேசிங் உள்ளே திரும்பாது. தையலைத் தொட்டுவிட்டால் கொஞ்ச நாளில் பிரியும்.

தையல் விளிம்புகளை ஒரே அளவில் விடக் கூடாது. ஃபேசிங் பக்க விளிம்பை 4 மில்லிமீட்டராகவும் முன்பகுதி விளிம்பை 7 மில்லிமீட்டராகவும் குறைத்தோம். இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் முடிந்தால் அந்த இடம் திண்டாக நிற்கும், படிப்படியாக முடிந்தால் தெரியாது. அப்புறம் விளிம்புகள் இரண்டையும் ஃபேசிங் பக்கம் தள்ளி, ஃபேசிங்கின் மேல், இணைப்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டினோம். இது முன்பக்கத்தில் தெரியாத தையல். பழைய ஃபேசிங்கில் இது இல்லை. அதனால்தான் நடுவில் ஃபேசிங் ஓரம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தையல் இருந்தால் ஃபேசிங்கைத் திருப்பியதும் இணைப்புக் கோடு தானாகவே ஒரு மில்லிமீட்டர் உள்ளே உருண்டு நிற்கும். இஸ்திரியால் மட்டும் உருட்டி வைத்தது முதல் துவைப்பில் திரும்பி வந்துவிடும்.

ஜிப் நாடா

வலது முன்பகுதியில் ஜிப் சரியாகவே இருந்தது. அந்தப் பக்க ஓரம் நடுக்கோட்டைத் தாண்டி 6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. இடது மடிப்பு நடுக்கோட்டில் வந்து உட்காரும்போது ஜிப் பற்கள் அதற்குள் நன்றாக மறைகின்றன. வலதைத் தொடவில்லை.

ஜிப்பை மூடி, இடது மடிப்பை நடுக்கோட்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழ்வரை கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு அசையாமல் நிறுத்தினோம். பேன்டைத் திருப்பி, ஜிப்பின் இடது நாடா ஃபேசிங்கில் எங்கே விழுகிறதோ அங்கே குண்டூசி, ஃபேசிங்கை மட்டும் பிடித்து. இங்கேதான் அந்த 4 மில்லிமீட்டர் மறுபடி நுழையப் பார்க்கும். அதைத் தடுக்க நாடாவிலும் ஃபேசிங்கிலும் சேர்த்து மூன்று இடத்தில் குறுக்குக் கோடு போட்டோம்: ஸ்டாப்பருக்குச் சற்று மேலே, நடுவில், இடுப்புக்குச் சற்றுக் கீழே. பிறகு கையால் நாடாவை ஃபேசிங்கோடு ஓட்டிவிட்டு, ஃபுட் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஜிப் ஃபுட்டில் தைத்தோம். முதல் வரி நாடா ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டரில், இரண்டாவது அதற்கு அருகில் பற்கள் பக்கமாக. பற்களை ஒட்டித் தைத்தால் ரன்னர் அந்த இடத்தில் இறுகும்.

தைத்து முடித்ததும் குறுக்குக் கோடுகளைப் பார்த்தோம். மூன்றும் நேருக்கு நேர். இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தால் அப்போதே பிரித்திருப்போம். ஜே தையல் போட்ட பிறகு கண்டுபிடிப்பதை விட இந்த நிலையில் பிரிப்பது எவ்வளவோ சுலபம்.

ஜே தையல்

கவட்டுத் தையலின் பிரித்த பகுதியை மூடிவிட்டு, உள்பட்டியை வலப்பக்கம் தள்ளிக் குண்டூசி குத்தி வைத்தோம். அது ஜே தையலில் மாட்டக் கூடாது. மாட்டினால் ஜிப்பே திறக்காது.

முன்பகுதியும் ஃபேசிங்கும் மேஜையில் தானாகப் படிந்திருக்கும் நிலையில், அதாவது எதையும் இழுக்காமல், அட்டை அச்சை வைத்து சாக்கால் மெல்லிய கோடு. கோட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டரில், ஃபேசிங்கையும் பிடித்து, கையால் ஒரு ஓட்டுத் தையல். குண்டூசியை விட இது மேல். குண்டூசி குத்தும் இடத்திலெல்லாம் துணி லேசாக மேடாகும், ஃபுட் அந்த மேட்டைத் தள்ளும்.

தையலைக் கீழிருந்து தொடங்கினோம். முதல் தையல் நடுத்தையலின் பள்ளத்தில், 18 புள்ளியில். ரிவர்ஸ் போடவில்லை. நூல் முனைகளை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டோம், பின்னால் பார்டாக் அதை மூடிவிடும். ஊசி 14ஆம் எண். தையல் நீளம் வளைவில் 2.2 மில்லிமீட்டர், நேர் பகுதியில் 2.5. வளைவு கூடிய இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டு கைச்சக்கரத்தால் ஓட்டினோம். இரண்டு தையலுக்கு ஒருமுறை ஊசி துணிக்குள் இருக்கும்போது ஃபுட்டைத் தூக்கி, துணியை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி இறக்கினோம். ஃபுட்டைத் தூக்கும் அந்த நொடியில் மேல் துணியில் சேர்ந்திருக்கும் தள்ளல் விடுபட்டுவிடும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் தையல் இடம் மாறும், வளைவில் ஒரு பல் தெரியும். கண் ஊசியில் இருக்கக் கூடாது, ஊசிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் கோட்டில் இருக்க வேண்டும். ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தால் கை தாமதமாகத் திருப்பும்.

கீழிருந்து மேலே போனால் ஃபுட் தள்ளுகிற துணி இடுப்பு நோக்கிப் போகிறது. அங்கே இன்னும் பட்டி மூடவில்லை, போகட்டும். முடித்தபோது இடுப்பு ஓரத்தில் முன்பகுதி ஃபேசிங்கை விட ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை கவனமாகத் தைத்தும் அவ்வளவு நகர்ந்திருக்கிறது. கத்தரியால் சமன் செய்துவிட்டோம். மேலிருந்து தைத்திருந்தால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வளைவின் முனையில் புடைப்பாக நின்றிருக்கும். "இவ்வளவுதானா அக்கா, இதுக்கா அப்படி எழுந்துச்சு?" என்றாள். வளைவு முனையில் துணி மூன்று பக்கமும் கட்டுப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் மிஞ்சினாலே கண்ணுக்குத் தெரியும்.

உள்பட்டியை இடத்துக்குக் கொண்டுவந்து, ஜே முனையில் 7 மில்லிமீட்டர் நீளப் பார்டாக். இது எல்லா அடுக்கையும் பிடிக்கும். உள்ளே ஃபேசிங்கின் அடி முனையையும் உள்பட்டியையும் சேர்த்து இன்னொரு சின்னப் பிடிப்பு. பிறகு இடுப்புப் பட்டியை மூடினோம்.

இஸ்திரியும் மிச்சமும்

கடைசி இஸ்திரியைத் தட்டை மேஜையில் போடவில்லை. உருட்டிய துண்டின் மேல் வைத்தோம். இந்தப் பகுதி உடம்பில் வளைவாக உட்காருவது. உள்பக்கம் ஃபேசிங்கின் ஓவர்லாக் ஓரத்துக்கும் முன்பகுதிக்கும் நடுவே ஒரு காகிதப் பட்டையைச் செருகி, மேலே ஈரத்துணி போட்டு, இஸ்திரியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தோம். காகிதம் இல்லாவிட்டால் ஓவர்லாக் நூலின் தடம் முன்பக்கத்தில் ஒரு மங்கலான கோடாகப் பதியும், கருநிறத் துணியில் பளபளப்பாகவே தெரியும்.

புடைப்பு போய்விட்டது, சாய்ந்த சுருக்கங்களும் போய்விட்டன. பழைய வளைவின் துளைகள் மட்டும் புது வளைவுக்குக் கீழே நெருங்கிப் பார்த்தால் ஒரு புள்ளி வரிசையாகத் தெரிந்தன. ஆவி காட்டி நகத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறியதில் பெரும்பாலும் மூடின. துவைத்தால் இன்னும் கொஞ்சம் மூடும், முழுதாக மூடாது. இறுக்கமாக நெய்த துணியில் ஒருமுறை போட்ட வளைவை மாற்றினால் இந்த விலை உண்டு. ஃப்யூசிங் ஒட்டிய இடமாக இருந்திருந்தால் இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

இதே முறையை ஜீன்ஸ் துணிக்குக் கொண்டுபோனால் ஊசி 16, தையல் 3 மில்லிமீட்டருக்கு மேல், ஜே தையல் இரண்டு வரி. அங்கே உள் வரியை முதலில் போட்டு வெளி வரியை அதற்கு இணையாகப் போடுவது எளிது. இழுபடும் துணியில் ஃபேசிங்குக்கு நீளாத ஃப்யூசிங்கை நெடுக்கிழையில் ஒட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குறுக்குக் கோடுகள் எதுவும் உதவாது.

இந்தப் பேன்ட் ஏற்கெனவே சிலமுறை துவைத்தது, அதனால் துணியில் இனி பெரிதாகச் சுருங்க ஒன்றும் இல்லை. மிச்சத் துணியையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துத்தான் எடுத்தோம். புதுப் பருத்தித் துணியில் அப்படி நனைக்காமல் தைத்தால், எல்லாம் சரியாகச் செய்திருந்தும் முதல் துவைப்புக்குப் பிறகு ஜிப் முழுவதும் மேலிருந்து கீழ்வரை அலை அலையாக நிற்கும். பருத்தி சுருங்கும், ஜிப் நாடா சுருங்காது. வளைவில் மட்டும் ஒரு புடைப்பு என்றால் இந்த ஆய்வில் சொன்ன காரணங்களைத் தேடலாம். நீளம் முழுக்க அலை என்றால் ஜே தையலைத் தொடுவதில் பயனில்லை. ஜிப்பின் இரண்டு நாடாவையும் கழற்றி, சுருங்கிய துணியின் அளவுக்கு மறுபடி வைத்துத் தைக்க வேண்டியதுதான்.